க்ளிக் 1,000, வந்தவர்கள் 720: ஆன்லைன் விளம்பரப் பணம் எங்கே கரைகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கான்சாபுரத்தில் இருந்து ஒருவர் பால்கோவா செய்து கூரியரில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரில் இருந்து தேடி வாங்குபவர்களுக்குக் குறைவில்லை. அதனால் அவரும் கூகுளில் விளம்பரம் கொடுக்கிறார். வாரம் 6,000 ரூபாய்.

அதே நேரத்தில், சென்னையில் மின்சார ரயிலில் நின்றுகொண்டே ஒருவர் போனில் "பால்கோவா ஆன்லைன்" என்று தேடுகிறார். நம்ம கான்சாபுரத்துக்காரரின் விளம்பரம் முதலில் வருகிறது. தொடுகிறார். வெள்ளைத் திரை. ஒரு வட்டம் சுற்றுகிறது. நாலு செகண்ட், அஞ்சு செகண்ட்... பின்னால் போகும் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

பால்கோவாவை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் விளம்பரக் கணக்கில் ஒரு க்ளிக் ஏறிவிட்டது, ஆறு ரூபாய் போய்விட்டது.

கான்சாபுரத்துக்காரர் தன் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பளிச்சென்று வருகிறது. "எனக்கு நல்லாத்தான் ஓடுது, ஜனங்களுக்குத்தான் பிடிக்கல போல" என்று நினைக்கிறார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அவர் அந்தப் பக்கத்தை நூறு முறை திறந்திருக்கிறார். படங்கள் எல்லாம் அவர் போனிலேயே சேமிப்பாகிவிட்டன. முதல் முறையாக வருபவருக்கு எல்லாமே புதிதாக இறங்க வேண்டும்.

சரி, வந்தவர்களுக்குப் பொருள் பிடிக்கவில்லையா, இல்லை பக்கமே திறக்கவில்லையா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பவுன்ஸ் ரேட் என்றால் என்ன?

விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் முதல் பக்கத்தை லேண்டிங் பேஜ் என்கிறார்கள். அங்கே வந்து, ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனவர்களின் சதவீதம்தான் பவுன்ஸ் ரேட்.

"ஒன்றும் செய்யாமல்" என்பதற்கு கூகுள் அனலிட்டிக்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2023 ஜூலைக்குப் பிறகு எல்லாரும் பயன்படுத்தும் GA4 பதிப்பில், ஒருவர் 10 செகண்டுக்கு மேல் பக்கத்தில் இருந்தாலோ, இரண்டாவது பக்கத்துக்குப் போனாலோ, அல்லது ஆர்டர் போன்ற முக்கியச் செயல் ஒன்றைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. மூன்றில் ஒன்றுகூட இல்லை என்றால் பவுன்ஸ். அதற்கு முந்தைய பதிப்பில் கணக்கு வேறு: அரை மணி நேரம் படித்தாலும் ஒரே பக்கத்தோடு போய்விட்டால் பவுன்ஸ்தான். அதனால் பழைய எண்ணையும் இப்போதைய எண்ணையும் ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.

GA4 அறிக்கைகளில் பவுன்ஸ் ரேட் தானாகக் கண்ணில் படாது. `Customize report` வழியாக `Bounce rate` என்ற அளவைச் சேர்க்க வேண்டும். சேர்க்கத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. `Engagement rate` என்ற எண்ணை 100ல் இருந்து கழித்தால் அதேதான்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்தக் கணக்கு எல்லாம் அனலிட்டிக்ஸின் சிறு நிரல் பக்கத்தில் ஓட ஆரம்பித்த பிறகுதான் தொடங்கும். அது ஓடுவதற்கு முன்பே ஒருவர் போய்விட்டால்? அவர் பவுன்ஸ் கணக்கில்கூட வர மாட்டார். அவர் வந்ததாகவே பதிவாகாது. மின்சார ரயில் ஆள் அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

ஆக, மெதுவான பக்கம் இரண்டு இடத்தில் ஆட்களை இழக்கிறது. கதவு திறக்கும் முன்பே போனவர்கள் ஒரு பக்கம். கதவு பாதி திறந்ததும் போனவர்கள் இன்னொரு பக்கம். பவுன்ஸ் ரேட் இரண்டாவது கூட்டத்தை மட்டும்தான் காட்டும்.

ஒற்றை எண் ஏமாற்றும், ஜோடியாகப் பாருங்க

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் எண்களைத் தனியாகப் பார்ப்பதில்லை. ஜோடி ஜோடியாகப் பார்க்கிறார்கள். நமக்கு இரண்டு ஜோடி போதும்.

முதல் ஜோடி: விளம்பரக் கணக்கில் இருக்கும் `Clicks`, அனலிட்டிக்ஸில் இருக்கும் `Sessions`. முதலாவது தொட்டவர்கள், இரண்டாவது வந்து சேர்ந்தவர்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் என்றால் இன்னும் சுலபம், இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்: `Link clicks` மற்றும் `Landing page views`. இரண்டாவது எண், பக்கம் உண்மையிலேயே ஏறிய பிறகுதான் கூடும். ஆனால் உங்கள் பக்கத்தில் மெட்டா பிக்சல் பொருத்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது ஜோடி: பவுன்ஸ் ரேட்டும் LCP என்ற நேர அளவும். பக்கத்தின் மிகப் பெரிய பகுதி, பெரும்பாலும் மேலே இருக்கும் பெரிய படம், திரையில் தெரிய எத்தனை செகண்ட் ஆகிறது என்பதுதான் LCP. 2.5 செகண்டுக்குள் இருந்தால் நல்லது, 4 செகண்டைத் தாண்டினால் மோசம் என்கிறது கூகுள். இதுவும் சராசரியைப் பார்த்துச் சொல்வதில்லை. வருபவர்களில் நாலில் மூன்று பேருக்காவது அந்த நேரத்துக்குள் தெரிய வேண்டும். இந்த எண்ணை PageSpeed Insights என்ற இலவசத் தளத்தில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இப்போ கணக்குப் போடுவோம்

நம்ம கான்சாபுரம் கடைக்குத் திரும்புவோம். இவை புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். வாரம் 6,000 ரூபாய், ஒரு க்ளிக் 6 ரூபாய், ஆக 1,000 க்ளிக். அனலிட்டிக்ஸில் அந்த விளம்பரத்தில் இருந்து வந்ததாகப் பதிவானவை 720. பவுன்ஸ் ரேட் 65 சதவீதம். அதாவது 720ல் 468 பேர் வந்த வேகத்தில் போய்விட்டார்கள். நின்று பார்த்தவர்கள் 252 பேர்.

கணக்கு இதுதான்:

```
6000 ÷ 1000 = 6.00   (ஒரு க்ளிக்)
6000 ÷ 720  = 8.33   (வந்து சேர்ந்த ஒருவர்)
6000 ÷ 252  = 23.81  (நின்று பார்த்த ஒருவர்)
```

விளம்பரக் கணக்கில் "ஒரு க்ளிக் ஆறு ரூபாய்" என்று மலிவாகத் தெரிகிறது. உண்மையில் பால்கோவாவைக் கண்ணால் பார்த்த ஒருவருக்கு அவர் கொடுத்தது கிட்டத்தட்ட 24 ரூபாய்.

ஆனால் இதை வைத்து மட்டும் "பக்கம் மெதுவு, அதான் பிரச்சினை" என்று சொல்லிவிட முடியாது. க்ளிக்குக்கும் வருகைக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி எப்போதும் இருக்கும். கை தவறித் தொடுபவர்கள் உண்டு. ஒரே ஆள் கொஞ்ச நேரத்தில் இரண்டு முறை தொட்டால் இரண்டு க்ளிக், ஒரே வருகை. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களை அனலிட்டிக்ஸ் பார்ப்பதில்லை. பவுன்ஸுக்கும் விலை, படம், கூரியர் கட்டணம் என்று நூறு காரணம் இருக்கும்.

அதனால் அடுத்த வேலை, அதே எண்களை மொபைல், கம்ப்யூட்டர் என்று பிரிப்பது. இதுதான் முக்கியமான படி.

பிரித்துப் பார்த்தால் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் 100 க்ளிக், 90 வருகை, பவுன்ஸ் 30 சதவீதம். மொபைலில் 900 க்ளிக், 630 வருகை, பவுன்ஸ் 70 சதவீதம்.

அதே பால்கோவா. அதே விலை. அதே கூரியர் கட்டணம். பொருளோ விலையோ பிடிக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரில் வந்தவர்களும் அதே அளவு ஓடியிருக்க வேண்டுமே? கம்ப்யூட்டரில் நூற்றுக்கு 10 பேர் வழியில் காணாமல் போகிறார்கள், மொபைலில் 30 பேர். அதாவது இழப்பு போனில்தான் நடக்கிறது. இப்போது PageSpeed Insights திறந்து மொபைலுக்கான LCPயைப் பார்க்கிறோம். அது 7 செகண்ட், கம்ப்யூட்டருக்கு 2 செகண்ட் என்று வந்தால், சந்தேகம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடுகிறது.

"கிட்டத்தட்ட" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. போனில் சும்மா பார்ப்பவர்கள் அதிகம், கம்ப்யூட்டரில் வாங்கும் எண்ணத்தோடு வருபவர்கள் அதிகம். அதனால் மொபைல் பவுன்ஸ் எப்போதுமே கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் முதல் ஜோடிக்கு அந்தச் சமாதானம் அவ்வளவாகப் பொருந்தாது. சும்மா பார்க்க வருபவரும் பக்கம் திறந்தால் வருகையாகப் பதிவாகத்தான் செய்வார். அதனால் சந்தேகம் வந்தால் முதல் ஜோடியை அதிகம் நம்பலாம்.

மொபைல் LCP 2 செகண்டாக இருந்து, பவுன்ஸ் மட்டும் 70 என்று இருந்தால் கதை வேறு. பக்கம் வேகமாகத் திறக்கிறது, ஆட்கள் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். விளம்பரத்தில் "கால் கிலோ" என்று போட்டுவிட்டு பக்கத்தில் ஒரு கிலோ பாக்கெட் மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். அப்போது படத்தைச் சுருக்கிப் பயன் இல்லை.

போன் பண்ணினாலும் பவுன்ஸா?

நம்ம ஊர்க் கடைகளுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. நம்ம ஆட்களில் பலர் இணையத்தில் ஆர்டர் போட மாட்டார்கள். பக்கம் திறந்த அஞ்சாவது செகண்டில் வாட்ஸ்அப் பட்டனைத் தட்டி "அண்ணே, கோயம்புத்தூருக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்பார்கள். பக்கத்தை விட்டு 10 செகண்டுக்குள் போய்விட்டதால் இதுவும் பவுன்ஸாகப் பதிவாகும். வாங்க வந்த ஆளையே ஓடிப்போனவர் கணக்கில் எழுதுகிறோம்!

இதைத் தவிர்க்க வாட்ஸ்அப் பட்டன், போன் எண் இரண்டையும் தொடுவதை GA4ல் `Key event` ஆகக் குறித்துவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் பவுன்ஸ் ரேட்டைப் பார்த்து வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை.

ஏன் 7 செகண்ட் ஆகிறது?

பெரும்பாலான சின்னக் கடைகளின் பக்கத்தில் குற்றவாளி ஒன்றே ஒன்றுதான்: மேலே இருக்கும் பெரிய படம். போனில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அது 4 எம்பி இருக்கும். சிக்னல் சுமாராக இருக்கும் இடத்தில் செகண்டுக்கு 4 மெகாபிட் கிடைக்கிறது என்றால், 4 எம்பி என்பது 32 மெகாபிட். அந்த ஒரு படம் இறங்கவே 8 செகண்ட். அதே படத்தை போன் திரையின் அகலத்துக்குச் சுருக்கி, WebP வடிவில் சேமித்தால் 200, 300 கேபிக்குள் வந்துவிடும். 300 கேபி என்றால் 2.4 மெகாபிட். முக்கால் செகண்டுக்குள் இறங்கிவிடும். பால்கோவாவின் பளபளப்பு ஒன்றும் குறையாது.

அடுத்தது, நல்லது என்று நினைத்துச் செய்யும் ஒரு தப்பு. படங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் `loading="lazy"` என்ற வசதியை எல்லாப் படத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். கீழே இருக்கும் படங்களுக்கு அது சரி. மேலே முதலில் தெரிய வேண்டிய படத்துக்கும் போட்டால், பிரவுசர் அதைக் கடைசியில்தான் எடுக்கப் போகும். LCP கூடிவிடும்.

பிறகு, வழி மாற்றங்கள். விளம்பரத்தில் சுருக்கு லிங்க், அங்கிருந்து கண்காணிப்பு முகவரி, அங்கிருந்து `www` இல்லாத முகவரி, கடைசியாக உண்மையான பக்கம். ஒவ்வொரு தாவலுக்கும் போன் ஒரு முறை டவருக்குப் போய்த் திரும்ப வேண்டும். விளம்பரத்தில் கடைசி முகவரியையே நேரடியாகக் கொடுத்தால் இது தீர்ந்தது. அரட்டைப் பெட்டி, தள்ளுபடி பாப்-அப், பழைய ஏஜென்சி போட்டுவிட்டுப் போன பிக்சல்கள் இவற்றையும் ஒரு முறை பார்த்து வேண்டாததை எடுத்துவிடலாம்.

கூகுள் விளம்பரத்தில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு தேடல் சொல்லுக்கும் 1 முதல் 10 வரை `Quality Score` ஒன்று காட்டும். அதன் மூன்று பகுதிகளில் ஒன்று `Landing page exp.` அங்கே `Below average` என்று இருந்தால், ஏலத்தில் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். அதே இடத்துக்கு அதிகம் கொடுக்க வேண்டி வரலாம்.

நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

2017ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், பக்கம் ஏறும் நேரம் 1 செகண்டில் இருந்து 3 செகண்ட் ஆனால் பவுன்ஸ் ஆகும் வாய்ப்பு 32 சதவீதம் கூடும், 5 செகண்ட் ஆனால் 90 சதவீதம் கூடும் என்று வந்தது. இதைப் பலரும் "நூற்றில் 32 பேர் போய்விடுவார்கள்" என்று தப்பாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும் என்பதுதான் பொருள்.

இந்தியாவில் தி எகனாமிக் டைம்ஸ் இணையதளம் செய்த வேலையை கூகுளின் web.dev தளம் பதிவு செய்திருக்கிறது. LCPயை 2.5 செகண்டுக்குக் கொண்டுவந்து, படிக்கும்போது வரிகள் குதிப்பதையும் குறைத்தார்கள். பவுன்ஸ் ரேட் 43 சதவீதம் மேம்பட்டது. ஒரே நேரத்தில் பல விஷயங்களைச் சரிசெய்ததால், எது எவ்வளவு உதவியது என்று தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம்.

நம்ம முதல் ஜோடிக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் அர்ஜென்டினாவில் இருக்கிறது. விவசாயப் பொருட்களுக்கான ஆன்லைன் சந்தையான அக்ரோஃபை, LCPயை 70 சதவீதம் மேம்படுத்தியது. பக்கம் ஏறும் முன்பே விட்டுப்போனவர்கள் 3.8 சதவீதத்தில் இருந்து 0.9 சதவீதமாகக் குறைந்தார்கள். நம்ம உதாரணக் கடையில் அந்த இழப்பு 28 சதவீதம் என்பதை நினைத்துப் பாருங்க.

சரிசெய்தால் எவ்வளவு மிச்சம்?

படத்தைச் சுருக்கிய பிறகு, மொபைலில் 900 க்ளிக்கில் 630க்குப் பதில் 765 பேர் வந்து சேர்ந்து, பவுன்ஸ் 70ல் இருந்து 50க்கு இறங்கியது என்று வைத்துக்கொண்டால், மொபைலில் நின்று பார்த்தவர்கள் சுமார் 382. கம்ப்யூட்டரில் பழையபடி 63. மொத்தம் 445. அதே 6,000 ரூபாய்க்கு ஒருவருக்கான செலவு 23.81ல் இருந்து 13.48க்கு வந்துவிடும். விளம்பரத்தில் ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை.

ஆனால் நிஜத்தில் எண்கள் இப்படி அழகாக இறங்காமலும் போகலாம். யூடியூபில் வேலை பார்த்த கிறிஸ் ஜக்கரியாஸ் என்ற பொறியாளர் 2012ல் எழுதிய அனுபவம் இது. வீடியோ பக்கத்தின் எடையை 1.2 எம்பியில் இருந்து 98 கேபிக்குக் குறைத்தார். வெளியிட்டுப் பார்த்தால், பக்கம் ஏறும் சராசரி நேரம் கூடியிருந்தது! குழம்பிப் போனார்கள். பிறகு நாடு வாரியாகப் பிரித்ததும் புரிந்தது. அதற்கு முன்பு யூடியூபைத் திறக்கவே முடியாத மெதுவான இணைப்பு உள்ள தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளில் இருந்து புதிதாகக் கூட்டம் வந்திருந்தது. அவர்களுக்கு முன்பு 20 நிமிடம் ஆன இடத்தில் இப்போது 2 நிமிடம். அந்த 2 நிமிடங்கள்தான் சராசரியை மேலே தூக்கின.

நம்ம கடைக்கும் இதே நடக்கலாம். பக்கம் வேகமானதும், முன்பு பதிவே ஆகாமல் போன பொறுமையற்ற ஆட்கள் இப்போது உள்ளே வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். வருகை கூடும், கூடவே பவுன்ஸ் ரேட்டும் கொஞ்சம் ஏறும். அனலிட்டிக்ஸ் நிரலைப் பக்கத்தின் அடியில் இருந்து மேலே மாற்றினாலும் இதே விளைவுதான், முன்பு கணக்கில் வராதவர்கள் கணக்கில் வந்துவிடுவார்கள். அப்போது பவுன்ஸை மட்டும் பார்த்தால் "கெட்டுப் போச்சு" என்று தோன்றும். செலவை, நின்று பார்த்தவர்கள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்க. அந்த எண் இறங்கியிருந்தால் வேலை நடந்திருக்கிறது.

சரிசெய்த மறுநாளே PageSpeed Insights பார்த்து ஏமாற வேண்டாம். அதில் மேலே வரும் உண்மைப் பயனாளர் எண் கடந்த 28 நாட்களின் தொகுப்பு, மெதுவாகத்தான் மாறும். சின்னத் தளமாக இருந்தால் போதிய ஆட்கள் இல்லாமல் அந்தப் பகுதி காலியாகவே இருக்கலாம். அப்போது கீழே வரும் சோதனை எண்ணை எடுத்துக்கொண்டு, அதே முகவரியை மூன்று, நாலு முறை ஓட்டி நடுவில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க. விளம்பர எண்களை முழு வாரத்துக்கு முழு வாரம் ஒப்பிடுங்க. தீபாவளி வாரத்தை மட்டும் சேர்க்காதீங்க, அந்த வாரம் எவ்வளவு மெதுவான பக்கமாக இருந்தாலும் ஸ்வீட் வாங்குபவர்கள் காத்திருப்பார்கள்.